பாம்படமும் அரக்கும்: எடைக்கு மேல காசு குடுக்கலாமா?

கணக்கன்
"பழைய நகைக்குத் தனி மதிப்பு உண்டு"னு ஆளாளுக்கு எழுதுறதைப் பாத்தா எரிச்சலா வருது. தங்கம்னா எடை, எடைனா காசு. காது வளத்துப் போட்ட அந்தக் காலத்துப் பாம்படத்துக்கு எடைக்கு மேல குடுக்கிறவன் ஏமாளி. அதுலயும் உள்ள முக்காவாசி இடம் அரக்கு. அரக்குக்கு யாருய்யா காசு குடுப்பா?

உரைகல்
அரக்குக்குக் காசு குடுங்கன்னு யாரும் சொல்லலை. கணக்கையே போட்டுப் பாத்துடுவோம்.

ஒரு ஜோடி பாம்படம் தராசுல 52 கிராம் நிக்குதுனு வையுங்க. அரக்கு 14 போக 38 தங்கம். உருக்கினா டச் 86 வருது, அதாவது சுத்தத் தங்கம் 32.68 கிராம். சுலபத்துக்காக கிராம் 10,000-னு வெச்சா 3,26,800 ரூபாய். உருக்குச் சேதாரம்னு கடையில ரெண்டு சதம் கழிச்சா கையில வர்றது 3,20,000 சொச்சம். இதே 38 கிராம், இதே டச், ஒரு முறுக்குச் செயினா இருந்தாலும் அதே காசுதான். இதுவரைக்கும் நீங்க சொல்றது சரி.

ஆனா அந்தச் செயினை உருக்கிட்டு நாளைக்கே அதே மாதிரி இன்னொண்ணு வாங்கலாம், மிஷின்ல ஓடிக்கிட்டிருக்கு. பாம்படத்தை உருக்கினா முடியாது. தகடு தட்டி, சதுரமும் உருண்டையும் தனித்தனியா மடிச்சு, ஒவ்வொரு மூட்டுக்கும் ஒட்டுறதுக்குப் பொடி வெச்சு ஊதி, வலக் காதுக்கும் இடக் காதுக்கும் கண்ணாடியில பாத்த மாதிரி எதிரும் புதிருமா செஞ்சது அது. காது வளக்கிற வழக்கம் நின்னதும் போடுறதுக்கு ஆள் இல்லை, செய்யச் சொல்லிக் கேக்கவும் ஆள் இல்லை. இருந்ததுல பெரும்பங்கு செயினாவும் வளையலாவும் மாறிப்போச்சு. மிச்சம் இருக்கிறதுக்குத்தான் சேகரிக்கிறவன் மேல போட்டுக் கேக்கிறான்.

கணக்கன்
ஆக டச்சும் 86-தான், உள்ளே 14 கிராம் அரக்கும் இருக்கு. அப்புறம் எங்கேருந்து மேல போட்டுக் கேக்கிறது? பொடி வெச்சுப் பேசாதீங்க.

உரைகல்
பொடி வெச்சதாலதான் டச் 86. தகட்டை மட்டும் உரசினா 90-க்கு மேல நிக்கும். ஊத்துப் பொடி சீக்கிரம் இளகணும்னு அதுல வெள்ளியும் செம்பும் கூட. ஒரு பாம்படத்துல எத்தனை மூட்டுனு எண்ணிப் பாருங்க. அத்தனை மூட்டுப் பொடியும் உருக்குக் குகையில தகட்டோட கலந்துதான் 86-க்கு இறங்குது. மூட்டு கூடக் கூட டச் இறங்கும், வேலை ஏறும். எடைக்கு வாங்குறவருக்கு அது குறை, வேலைக்கு வாங்குறவருக்கு அதுதான் சரக்கு.

தாமிரபரணி
அண்ணாச்சி சரியாச் சொன்னீய. எங்க திருநெல்வேலிப் பக்கத்துப் பாம்படம் 200 வருஷத்துக்குக் குறைஞ்சு இருக்காது. 2019-ல நியூயார்க்ல மகாராஜா நகைகளை ஏலம் விட்டாங்க, 10 கோடி டாலருக்கு மேல போச்சு. அங்க கொண்டு போனா எடையையா கேப்பான்? கணக்கன் சாருக்குத் தராசு மட்டும்தான் தெரியும் போல.

உரைகல்
தாமிரபரணி, நீங்க என் பக்கம் நின்னு என்னையே கவுக்குறீங்க. அந்த ஏலத்துல போனது அரண்மனைச் சரக்கு, முகலாயர் காலத்துச் சரக்கு. பெரிய பெரிய கல், யார் கையிலேருந்து யார் கைக்குப் போச்சுங்கிற ஆவணம், எல்லாம் கூடவே வந்துச்சு. பாம்படத்துக்கு அதை விலைக்குறியாக் காட்டக்கூடாது.

இன்னொண்ணு. 100 வருஷம் தாண்டின கலைப்பொருளைத் தனி ஆள் இந்தியாவை விட்டு வெளியே அனுப்பவே முடியாது, 1972-ஆம் வருஷச் சட்டம் தடுக்குது. "200 வருஷம்"னு நீங்களே எழுதிக் குடுத்தா வெளிநாட்டு விலையை நீங்களே மூடிட்டீங்கன்னு அர்த்தம். உள்ளூர்ல கேக்கிற ஆளை வெச்சுத்தான் விலை.

கணக்கன்
ஹா ஹா. உள்ளூர்ல யாரு கேக்கிறா? எந்த பேங்க்ல வேணா அடகு வெச்சுப் பாருங்க. கல்லைக் கழிப்பான், அரக்கைக் கழிப்பான், நிகர தங்கத்துக்குத்தான் கடன். அரக்குக்கு எவனும் காசு குடுக்க மாட்டான்.

உரைகல்
அடகுக் கடை விலை எல்லா விலையும் ஆகாது. கடன் திரும்பலைன்னா ஏலம் போட்டு எடுக்கக்கூடிய தொகையைத்தான் பேங்க் பாக்கும், அது அவங்க விதி. நான் பேசுறது கைப்பொருளா விக்கிறதைப் பத்தி. அதுக்கு நாள் ஆகும், ஆள் தேடணும், சில சமயம் ஆளே கிடைக்காமலும் போகும். அதை நான் மறைக்கலை.

வைகைக்கரை
பேச்சோட பேச்சா கேக்கிறேன். பாம்படம் பாம்படம்னு எழுதுறீங்களே, எங்க மதுரைப் பக்கம் தண்டட்டிம்பாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

தாமிரபரணி
ஒண்ணு இல்லவே இல்ல. தண்டட்டி பெட்டி மாதிரி. பாம்படம் வேற உருவம். மதுரைக்காரங்க எல்லாத்தையும் ஒரே பேர்ல கூப்பிடுவீய.

வைகைக்கரை
காதுல தொங்குறதுக்குப் பேர் வெக்க திருநெல்வேலியில லைசென்ஸ் வாங்கணுமா? எங்க அப்பத்தா காலத்துல ரெண்டையும் அப்படித்தான் சொன்னாங்க.

ராணி
மன்னிக்கணும், நடுவுல வர்றேன். எங்ககிட்ட கெம்புக்கல் அட்டிகை ஒண்ணு இருக்கு, பின்பக்கம் மூடினது. கல்லு மங்கலா இருக்கு. கடையில மிஷின்ல போட்டு பாலிஷ் பண்ணித் தர்றேங்கிறாங்க. பண்ணினா விலை ஏறுமா?

உரைகல்
ராணி அம்மா, அந்த மிஷின்ல போட விடாதீங்க. பின்பக்கம் மூடின கட்டுல கல்லுக்கு அடியில மெல்லிசா ஒரு பளபளப்புத் தகடு இருக்கும். கல்லோட நிறமே பாதி அதுலேருந்துதான் வருது. தண்ணி மிஷின்ல அதிர்வு குடுத்தா விளிம்பு வழியா ஈரம் உள்ளே போயிடும், தகடு கறுத்துடும், கல்லு ஒரேயடியா செத்துப்போகும். பூந்திக்கொட்டைத் தண்ணியில ஊறப்போட்டாலும் அதே கதிதான். இப்போ மங்கலா இருக்கிறதுக்குக் காரணமே எப்பவோ ஒரு தடவை ஈரம் போனதா இருக்கலாம். மேல இருக்கிற அழுக்கை உலர்ந்த மெல்லிசு பிரஷ்ல தட்டி எடுங்க, போதும்.

அரக்கு நிரப்பின பாம்படத்துக்கும் இது பொருந்தும். மூட்டு விட்டுப்போச்சுன்னு கேஸ் டார்ச்சைக் காட்டினா உள்ளே இருக்கிற அரக்கு கொதிச்சுப் பொங்கும். வெளியேற வழி இல்லைன்னா தகடே வெடிச்சுப் பிளந்துடும். ஒட்டின அடையாளத்தைப் பாத்ததும் சேகரிக்கிறவன் விலையை இறக்குவான், சில பேர் நகையைக் கீழே வெச்சுட்டு எழுந்து போயிடுவாங்க. முதல்ல அரக்கை இளக்கி எடுக்கணும், அப்புறம் ஊதணும், திரும்ப அரக்கும் செங்கல் பொடியும் சேத்து நிரப்பணும். அதுக்குப் பொறுமை உள்ள தட்டார் வேணும்.

கணக்கன்
ஆக, தொட்டா வெடிக்கும், நனைஞ்சா கறுக்கும். இதுக்குத்தான் எடைக்கு மேல காசு. நல்லா இருக்கு.

தாமிரபரணி
அரக்கு எவ்வளவுன்னு தெரியணும்னா தண்ணியில எடை போட்டுப் பாத்தாப் போதும். நகையை உடைக்க வேண்டாம். ஆர்க்கிமிடீஸ் கணக்கு, பள்ளிக்கூடத்துலயே இருக்கு.

உரைகல்
பாதி சரி. உள்ளே முழுசா நிரம்பியிருந்தா தண்ணியில இழக்கிற எடையை வெச்சு ஓரளவு பிரிச்சுடலாம். மேல சொன்ன ஜோடி தண்ணியில ஏறக்குறைய 10 கிராம் இழக்கும், அதுல தங்கம் பிடிக்கிற இடம் 2 கிராம் சொச்சத்துக்குத்தான், மிச்சம் அரக்கு. ஆனா பழைய அரக்கு காஞ்சு சுருங்கி உள்ளே பொந்து விட்டிருக்கும். பொந்தும் இடம் பிடிக்கும், எடை இருக்காது. உங்க கணக்கு தங்கத்தைக் குறைச்சுக் காட்டும். மூட்டுல கீறல் இருந்தா தண்ணியும் உள்ளே போகும், அது இன்னொரு தலைவலி. அந்தத் தண்ணியை அப்புறம் யார் எடுக்கிறது?

கேரட் மிஷினையும் நம்பிடாதீங்க. அது மேல் தோலை மட்டும்தான் படிக்கும். அந்தக் காலத்துல உப்பும் புளிப்பும் சேத்து நிறம் ஏத்துவாங்க, அதுல மேலே இருக்கிற செம்பு கரைஞ்சு போயிடும். மிஷின் 92 காட்டும், உருக்கினா 86 வரும்.

கணக்கன்
அதான் நானும் சொல்றேன், உருக்கினாத்தான் உண்மை தெரியும்.

உரைகல்
உருக்கினா டச் தெரியும், நகை இருக்காது. இவ்வளவு நேரம் நான் எதைப் பேசிக்கிட்டிருக்கேன்?

நீங்க திரும்பத் திரும்பச் சொல்ற அந்த அரக்கையே எடுத்துக்குவோம். இந்தத் தகடு அவ்வளவு மெல்லிசு, தனியா இருந்தா விரல் அழுத்தினாலே பள்ளம் விழும். அரக்கு முட்டுக் குடுத்ததாலதான் 38 கிராம்ல இவ்வளவு பெரிய உருவத்தை எழுப்ப முடிஞ்சது. கெட்டியா வார்த்திருந்தா இதே அளவுக்குப் பல மடங்கு தங்கம் முழுங்கியிருக்கும், எந்தக் காதும் தாங்காது. தங்கம் கம்மி, உருவம் பெருசு, வேலை அதிகம். உருக்கு விலைக்கும் கைப்பொருள் விலைக்கும் இடைவெளி விழறது இந்த மாதிரி நகையிலதான். கெட்டி வளையலுக்கு எத்தனை வயசு ஆனாலும் எடைதான் விலை, அதுல உங்களோட எனக்குச் சண்டையே இல்லை.

கணக்கன்
இவ்வளவு எழுதினதுக்கு அந்த 14 கிராமுக்கு என்ன ரேட்டுனு ஒரு வரியில சொல்லியிருக்கலாம்.

வைகைக்கரை
தண்டட்டியிலயும் அரக்குதான் இருக்கும். இதை மட்டும் நெல்லைக்காரரு சொல்ல மாட்டாரு.

தாமிரபரணி
யாரு இல்லேன்னா? அரக்கு இருந்தா பாம்படம் ஆயிடுமா?

ராணி
உரைகல் சார், எங்க அட்டிகையும் 200 வருஷம்னு வீட்ல சொல்வாங்க. அதை எப்படித் தெரிஞ்சுக்கிறது?

உரைகல்
வீட்ல சொல்றதை ஒரு பக்கம் வையுங்க. பத்து மடங்கு பெருக்கிற லென்ஸ் வாங்கிக் கல்லுக்குள்ள பாருங்க. இயற்கைக் கெம்புல கோடு இருந்தா நேர்கோடா, கோணம் மடங்கி இருக்கும். இசைத்தட்டுல இருக்கிற மாதிரி வளைஞ்ச கோடும் உருண்டைக் குமிழியும் தெரிஞ்சா அது உலையில வளத்த கல். அந்த முறையை வெர்னாய் வெளியிட்டது 1902-ல. அதுக்கு முன்னாடி செஞ்ச நகையில அந்தக் கல்லு முதல்லேருந்தே இருந்திருக்க வழி இல்லை.

அடுத்து விளிம்பைப் பாருங்க. பதிச்ச சுத்தத் தங்க இழை எல்லாக் கல்லைச் சுத்தியும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கா, நாலஞ்சு கல்லுகிட்ட மட்டும் புதுசா மினுங்குதா? மாட்டுற வளையத்தோட ஓட்டை நீளவாக்குல தேஞ்சிருக்கா? "ஆன்டிக்"னு இன்னிக்கு விக்கிறது பாதி மங்கல் பாலிஷ்தான். அதுல பள்ளத்துல கறுப்பு இருக்கும், உரசுற இடத்துல தேய்மானம் இருக்காது.

ராணி
பாத்துட்டேன். ஓரத்துல மூணு கல்லுல வளைஞ்ச கோடு இருக்கு. நடுக் கல்லுல இல்லை. ஓட்டை நல்லா தேஞ்சிருக்கு.

தாமிரபரணி
அப்போ 1902-க்கு அப்புறம் செஞ்சது. முடிஞ்சுபோச்சு.

உரைகல்
எங்கே முடிஞ்சுது? மூணு கல்லு விழுந்து பிற்பாடு மாத்தியிருக்கலாம். அந்த மூணைச் சுத்தி இருக்கிற தங்க இழை மட்டும் வேற மாதிரி இருந்தா கல்லுதான் புதுசு, நகை பழசு. எல்லாம் ஒரே மாதிரி தேஞ்சிருந்தா தாமிரபரணி சொல்றது சரியா இருக்கலாம்.

கணக்கன்
கல்லு டூப்பு, அடியில அரக்கு. எடையைப் போட்டு அனுப்புங்கம்மா, விலை நான் சொல்றேன்.

உரைகல்
ராணி அம்மா, எடை இருக்கட்டும். அந்த மூணு கல்லோட விளிம்பையும் நடுக் கல்லோட விளிம்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு போட்டோ போடுங்க. பின்பக்கமும் வேணும்.