வசனக் கணக்குகளின் சூழலை மாற்றுவதற்கு ஒரு கலைச்சொல்

கோப்பாய், ஆசிரியை:
அன்புடையீர், ஆங்கில வசனக் கணக்குகளைத் தரம் 6 பிள்ளைகளுக்குத் தமிழில் தரும்போது பீட்சாவை ரொட்டியாகவும் டொலரை ரூபாவாகவும் மாற்றுகிறோம். இதற்குச் ‘சூழற்பெயர்ப்பு’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். ‘உள்ளூராக்கம்’ ஏற்கெனவே மென்பொருள்காரர் வசமாகிவிட்டது.

நல்லூர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:
‘பெயர்ப்பு’ என்றால் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று எண்ணிவிடுவார்கள். 0.35 டொலர் விலையுள்ள பென்சில்கள் நான்கை வாங்கி 2 டொலர் கொடுத்தால் மிச்சம் எவ்வளவு என்ற கணக்கைப் பாருங்கள். விடை 0.60. டொலரை வெறுமனே ரூபாவாக்கினால் 35 சதத்துக்குப் பென்சில் விற்கும் கடையைப் பிள்ளை எங்கே காணும்?

சுன்னாகம், வங்கி ஊழியர்:
நாணய மாற்று வீதத்தால் பெருக்கிவிடலாமே. ஒரு டொலரை 300 ரூபாவாக வைத்தால் பென்சில் 105 ரூபா, கொடுத்த பணம் 600 ரூபா, மிச்சம் 180 ரூபா. சதமும் வழக்கொழியவில்லை, வங்கிக் கூற்றுகளில் நாள்தோறும் காண்கிறோம்.

நல்லூர்:
தம்பி, உங்கள் கணக்குச் சரி, விலையும் நம்பும்படி இருக்கிறது. ஆனால் தசமம் போய்விட்டது. தசமப் பெருக்கலுக்காக எழுதிய கணக்கு முழுவெண் கணக்காகிவிட்டது. எண்களைக் காக்க வேண்டுமானால் பொருளை மாற்ற வேண்டும்: 2 லீற்றர் நல்லெண்ணெயில் 0.35 லீற்றர் வீதம் நான்கு போத்தல்களை நிரப்பினால் எஞ்சுவது எவ்வளவு? இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பணத்தில் பிள்ளை 35 சதத்தை நான்கால் பெருக்கி, தசமப் புள்ளியைத் தொடாமலே 140 சதம் என்று விடை காணும். எண்ணெயில் அந்தக் குறுக்குவழி எளிதில் தோன்றாததால் கணக்குக் கடினமாகும். கொப்பியில் 0.140 என்ற பிழை தலைகாட்டினால், கணக்கு உண்மையிலேயே தசமத்தைச் சோதிக்கிறது என்று கொள்ளலாம்.

ரொறன்ரோ, ஒரு தாய்:
பெயர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. ‘அலெக்ஸ்’ என்பதை நான் ‘கண்ணன்’ என்று மாற்றினேன். அடுத்த வரியில் அலெக்ஸ் பெண் என்று தெரிந்து, ‘வாங்கினான்’ எல்லாவற்றையும் திருத்த வேண்டியதாயிற்று. என் மகளுக்கோ பனங்கட்டிக் குட்டான்தான் புதுமை, பீட்சா அன்று.

கோப்பாய்:
அக்கா, உங்கள் மகளுக்குப் பீட்சாவையே விட்டுவிடுங்கள்; பழகிய பொருள் என்பது பிள்ளை வாழும் இடத்தைப் பொறுத்தது. ஐயா சொன்னதை ஏற்று, மாறக் கூடாத பகுதிக்குக் ‘கணக்குக்கரு’ என்றும், செயலுக்குச் ‘சூழல்மாற்று’ என்றும் திருத்துகிறேன்.

நல்லூர்:
‘கணக்குக்கரு’ நன்று. ‘மாற்று’ என்பது மாற்றாக வைத்த பொருளையும் குறிக்குமே. ‘சூழல்மாற்றல்’ என்றால் குழப்பம் குறையும்.

சுன்னாகம்:
எனக்குச் ‘சூழற்பெயர்ப்பு’ என்பதே பிடித்திருக்கிறது. ஆனால் கருவில் எவை அடங்கும்? எண்கள் மட்டுமா, கடினமுமா?