ரயிலில் மெயில் பார்க்க குரோமா, தண்டர்பேர்டா?

கரிசல்மண்: அடிக்கடி லேப்டாப்போடு நெல்லை–சென்னை ரயிலில் போகிறேன். வழியில் நெட் போய்ப் போய் வரும். ஜிமெயிலைக் குரோமிலேயே பார்த்தால் போதுமா, தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளைப் போடணுமா? போன வருட மெயில்களில் உள்ள பிடிஎஃப்களும் தேவைப்படும்.

ரதவீதி: பிரவுசர் என்றாலே நெட் வேண்டும். தண்டர்பேர்டு போடுங்கள், வேலை முடிந்தது.

நிலாமுற்றம்: அது பழைய கதை, ரதவீதி. குரோமில் ஜிமெயிலின் Settings-இல் Offline என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே Enable offline mail என்பதை டிக் செய்தால் நெட் இல்லாமலும் படிக்கலாம், பதில் எழுதலாம். ஆனால் 7, 30, 90 நாள் என்று மூன்றே தேர்வுகள். கரிசல்மண் கேட்பது போன வருட மெயில், எனவே அவருக்கு இது பத்தாது.

தேநீர்க்கடை: எனக்கு இதெல்லாம் தேவைப்பட்டதே இல்லை. போன் ஆப்பில் சிக்னல் இல்லாமலும் மெயில் திறக்கிறதே?

நிலாமுற்றம்: திறக்கும், அண்மையில் வந்தது என்றால். அதில் உள்ள பிடிஎஃபைத் தட்டிப் பாருங்கள், முன்பே இறக்காததாக இருந்தால் சுற்றிக்கொண்டே நிற்கும்.

ரதவீதி: ஆக நான் சொன்னதுதான் சரி!

நிலாமுற்றம்: முடிவு சரி, காரணம் தப்பு. தண்டர்பேர்டைப் போட்டவுடன் ரயில் ஏறினாலும் ஏமாற்றம்தான். Account Settings-இல் Synchronization & Storage போய், இந்தக் கணக்கின் எல்லா ஃபோல்டர்களையும் கணினியில் வைக்கும் தேர்வு டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். பெரிய மெயில்பெட்டி என்றால் முழுதும் இறங்க வெகுநேரம் ஆகும், வீட்டு வைஃபையில் அப்படியே விட்டுவிடுங்கள். அப்புறம் வைஃபையை அணைத்துவிட்டு போன வருட மெயில் ஒன்றைத் திறங்கள். தலைப்பு மட்டும் தெரிந்து, உள்ளே Go Online to View This Message என்று வந்தால் அது இன்னும் இறங்கவில்லை.

கரிசல்மண்: சரி. ரயிலில் எழுதி அனுப்பியது என்ன ஆகும்?

நிலாமுற்றம்: இரண்டிலும் Outbox-இல் காத்திருக்கும். நெட் வந்ததும் போய்விட்டதா என்று அதைத் திறந்து பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடுங்கள்.

ரதவீதி: இன்னொரு லாபம்: தண்டர்பேர்டில் எல்லாம் நம் டிஸ்க்கில் இருப்பதால் பேக்கப்பும் ஆச்சு.

நிலாமுற்றம்: சர்வரில் உள்ள மெயில்பெட்டியோடு ஒத்துப்போகும் ஐமேப் முறையில் அப்படி நம்பாதீர்கள். போனில் ஒரு மெயிலை அழித்தால், அடுத்த ஒத்திசைவில் தண்டர்பேர்டிலும் காணாமல் போகும். தப்பவேண்டியதை, கணினியில் மட்டும் இருக்கும் Local Folders-க்கு நகல் எடுத்து வையுங்கள்.

பழையகணக்கு: எங்கள் அலுவலகத்தில் ஒரே கணினியைப் பலர் தொடுகிறோம். அங்கே தண்டர்பேர்டு போட்டால் எல்லார் மெயிலும் சந்திக்கு வரும். ஜிமெயிலில் வெளியேறும்போது ஆஃப்லைன் தரவை அழிக்கும் தேர்வாவது இருக்கிறது.

ரதவீதி: ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு போட்டால் தீராதா?

பழையகணக்கு: போட்டுத் தர அட்மின் வேண்டுமே, ஐயா.