புதுப்பிப்பு: 920 நானோசெக்கனா, 200 ஆ?

முன்பு கேட்டது: "டிஎல்பி 10, நினைவகம் 100 நானோசெக்கன், ஹிட் 90%. பேஜ் ஃபோல்ட் 10,000க்கு 1, ஒவ்வொன்றுக்கும் 8 மில்லிசெக்கன். சராசரி நேரம் எவ்வளவு?"

களுவாஞ்சிக்குடி அக்கா சொன்ன வழிதான் சரி. மிஸ்ஸானால் பேஜ் டேபிளுக்கும் ஒருதரம் நினைவகம் போகவேணும், அதனால் 210.

```
0.9×110 + 0.1×210 = 120 ns
```

கல்முனைத் தம்பி இதோடு 0.0001×8 கூட்டி 120.0008 என்றார். கூட்டியது சரி, அலகு பிழை. 8 மில்லிசெக்கன் என்றால் 80 லட்சம் நானோசெக்கன். சேர்வது 800, விடை 920.

ஒலுவில் தம்பியின் கணக்கு வேறு: அவருக்கு பேஜ் டேபிள் இரண்டு அடுக்கு. மிஸ்ஸுக்கு 310 வரும், 120 அங்கே 130 ஆகும்.

இன்னும் இழுபறி ஒன்றுதான்: அந்த 10,000 எல்லா அணுகல்களுமா, மிஸ்ஸானவை மட்டுமா? மிஸ் மட்டும் என்றால் 0.1ஆலும் பெருக்கவேணும், 80 மட்டுமே சேர்ந்து 200 வரும். வினாத்தாளில் அது தெளிவில்லை. நான் 920 எழுதி, எடுத்த அர்த்தத்தையும் பக்கத்தில் குறித்திருக்கிறேன்.