நைட் ஷிஃப்ட்டுக்கு லேட் ஆகும்னா டீம் லீடருக்கு எப்படி எழுதறது?

கேள்வி: ஏற்காட்டிலிருந்து இறங்கி சேலம் மில்லுக்கு 10 மணி ஷிஃப்ட் வர்றவங்க, மலைப்பாதை அடைச்சுட்டா என்ன மெசேஜ் போடறீங்க? "லேட் ஆகும் சார்"னு போட்டா பதிலே வர்றதில்ல.

ரிங்ஃபிரேம் சைடர்: அதுல பதில் சொல்ல என்ன இருக்கு? லீடருக்கு வேண்டியது காரணம் இல்லங்க, ஆள். 10 மணிக்கு இறங்கற செகண்ட் ஷிஃப்ட் ஆளை நிறுத்தி வைக்கலாமா, எவ்வளவு நேரத்துக்குன்னு அவர் முடிவு பண்ணணும். அந்த ஆள் கார்டு பஞ்ச் பண்ணி பஸ் ஏறிட்டா முடிஞ்சது. 8 மணிக்கு வர்ற மெசேஜ் உதவும், 9:50க்கு வர்றது வெறும் மன்னிப்புதான். இப்படிப் போடுங்க:

"அண்ணா, மணி 8:10. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுல இருக்கேன். அடிவாரம் ரோட்டுல மரம் விழுந்து வண்டி விடல. குப்பனூர் வழியா வர்றேன். 11:15க்குள்ள கேட்டுல இருப்பேன். 7, 8 ஃபிரேம் என்னோடது, அதுவரைக்கும் ஆள் வேணும். அயோத்தியாப்பட்டணம் வந்ததும் சொல்றேன்."

10:45க்கு வந்துடுவோம்னு தோணினாலும் 11:15னே எழுதுங்க. நேரத்தை ரெண்டாவது தடவை தள்ளினா, நிக்கற ஆள் கடுப்பாயிடுவார்.

கோரிமேடு: இவ்வளவு டைப் பண்ணணுமா? லைவ் லொகேஷன் போட்டா அவரே பார்த்துப்பார்.

சைடர்: சிக்னல் இருக்கற வரைக்கும் சரி. 20 கொண்டை ஊசி வளைவுல நடுநடுவே டவர் போயிடும். புள்ளி பழைய இடத்துலயே நிக்கும், நீங்க ஏற்காட்டுலயே டீ குடிக்கறீங்கன்னு நினைப்பார். வாய்ஸ் நோட்டும் வேண்டாம், ஃபிரேம் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? கிளம்பறதுக்கு முன்னாடியே அனுப்புங்க. ஒத்தை டிக்கோட நின்னா சாதா எஸ்எம்எஸ் போடுங்க. உள்ள போன் விடாத மில்லுன்னா டைம் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, யார் எடுத்தாங்கன்னு கேட்டு வச்சுக்கங்க.

ஜங்ஷன் பக்கம்: எனக்கு ரயில்தான் லேட் ஆகுது, ஈரோட்டுலேர்ந்து வர்றேன். அதுக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கலாமா?

சைடர்: அது வேற கேள்விங்க. ஆனா ரயிலுக்கும் இதே மாதிரிதான் எழுதணும். வண்டி நம்பரும், கடைசியா எந்த ஸ்டேஷனை விட்டதுன்னும் போட்டா அவரே பார்த்துக்குவார்.

கோரிமேடு: குப்பனூர் ரோடு எப்பவும் திறந்திருக்குமா?

சைடர்: நம்பாதீங்க. 2024 டிசம்பர், ஃபெஞ்சல் மழையில மலைப்பாதையில மண் சரிஞ்சு போக்குவரத்தே நின்னுச்சு. அந்த மாதிரி மழைன்னா நேரமே எழுதாதீங்க. "இன்னிக்கு வர முடியாது, ஆள் போட்டுக்கங்க"ன்னு சாயங்காலமே சொல்லிடுங்க. பாதி வழியில மாட்டிக்கிட்டு 11, 12, 1ன்னு தள்ளிக்கிட்டே போறதுதான் அவருக்கு ரொம்பத் தொல்லை.

ஜங்ஷன் பக்கம்: சரிங்க. அந்தச் சம்பள விஷயம் யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. எங்க மில்லுல 15 நிமிஷம் வரைக்கும் விடறாங்க, பக்கத்து மில்லுல அதுவும் இல்ல.