சந்தேகம்: பாரம் கூடியபின் மைலேஜ் 5-இலிருந்து 4-க்கு இறங்கிவிட்டது, ஓட்டுநரைச் சந்தேகிக்கலாமா?

கெடிலக்கரை (கடலூர்):
எங்களிடம் பத்துச் சக்கர லாரி ஒன்று உள்ளது. ஆர்.சி.யில் மொத்த எடை 28 டன்; காலி வண்டி எடை மேடையில் ஏறத்தாழ 9.8 டன் காட்டும். கடலூர் சிப்காட்டிலிருந்து புதுச்சேரி, திண்டிவனம் வழியாகச் சென்னைப் புறநகருக்குச் சரக்கு ஏற்றிச் சென்று, காலியாகத் திரும்புகிறோம். ஒரு வழிக்கு ஏறத்தாழ 190 கி.மீ. முன்பு 9 டன் பிளாஸ்டிக் சரக்கு ஏற்றியபோது போய்வர 76 லிட்டர் டீசல் பிடித்தது. இப்போது அதே வளாகத்திலிருந்து 18 டன் மூட்டைச் சரக்கு ஏற்றுகிறோம். 96 லிட்டர் ஆகிறது. பாரம் மாறிய அதே சமயத்தில் ஓட்டுநரும் மாறினார். கூடுதலான 20 லிட்டர் முழுவதும் பாரத்தால்தான் போகிறதா, அல்லது டீசல் வேறு எங்காவது இறங்குகிறதா என்று எப்படிப் பிரித்தறிவது?

முந்திரிக்காடு (பண்ருட்டி):
இதில் பிரித்தறிய என்ன இருக்கிறது? பாரம் இரட்டிப்பானால் டீசலும் இரட்டிப்பாக வேண்டும். உங்களுக்குக் கால் பங்குதான் கூடியிருக்கிறது. ஆகவே ஓட்டுநர் நல்லவர் என்றே கொள்ளுங்கள். இன்னொன்று, மெதுவாக ஓட்டினால் மிச்சமாகும் என்பதும் எப்போதும் உண்மையன்று. 35 கி.மீ. வேகத்தில் கீழ் கியரில் உறுமிக்கொண்டு போகும் வண்டி, டாப் கியரில் போகும் வண்டியைவிட அதிகம் குடிக்கும். எனவே 80-இல் டாப் கியரில் விடச் சொல்லுங்கள்.

பழைய ஒர்க்‌ஷாப் (வில்லியனூர்):
முந்திரிக்காடு அவர்கள் கீழ் கியரைப் பற்றிச் சொன்னது சரி. 80-க்குத் தாவியதுதான் சரியில்லை. டாப் கியர் 50 கி.மீ. வேகத்திலேயே விழுந்துவிடும்; அதற்கு மேல் கூடுகிற ஒவ்வொரு வேகத்துக்கும் காற்றுக்குக் கப்பம் கட்ட வேண்டியதுதான். பாரம் இரட்டிப்பானால் டீசலும் இரட்டிப்பாகும் என்ற கணக்கும் தவறு. சரக்கு இரட்டிப்பானாலும் வண்டியின் சொந்த எடையும் காற்றின் எதிர்ப்பும் இரட்டிப்பாவதில்லை.

கெடிலக்கரை அவர்களின் கணக்கை இப்படிப் போட்டுப் பார்க்கலாம். நம் சாலைகளில் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னுக்கும், டயர் உருளும் எதிர்ப்புக்காகவும் நின்று நின்று கிளம்புவதற்காகவும் சேர்த்து, 100 கி.மீ.க்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் கூடுதலாகப் பிடிக்கும். உங்களுக்கு 9 டன் கூடியது, அதுவும் போகும் 190 கி.மீ.க்கு மட்டும். ஆக, பாரத்தின் பங்கு 13 லிட்டர் அளவில் வரும். 76-உடன் 13 சேர்த்தால் 89. உங்களுக்கு ஆவது 96. விளக்கம் தேவைப்படுவது மீதமுள்ள 7 லிட்டருக்குத்தான்.

ஓட்டுநரைக் கேட்பதற்கு முன் வேகத்தைப் பாருங்கள். இந்த அளவு வண்டிக்கு 60 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் 100 கி.மீ.க்கு 8 லிட்டர் போகும். 75-இல் அது 12.5 லிட்டராகும். வண்டி காலியா, பாரமா என்பது காற்றுக்குத் தெரியாது. காலி வண்டிதானே என்று திரும்பும்போது மிதிப்பவர்கள் அதிகம். உண்மையில் காலி வண்டியில்தான் டீசலின் பெரும்பங்கைக் காற்று தின்கிறது. புதிய ஓட்டுநர் திண்டிவனம் – செங்கல்பட்டு இடையிலான ஏறத்தாழ 65 கி.மீ. நால்வழிச் சாலையில் இரு வழியும் 75-இல் போயிருந்தால், 6 லிட்டர் அங்கேயே போயிருக்கும். அதனால் மிச்சமாகும் நேரம் போய்வர அரை மணிகூட இல்லை.

முந்திரிக்காடு:
கணக்கு புரிகிறது. அப்படியானால் ஒரே நடையில் 22 டன் ஏற்றிவிட்டால் டன்னுக்கான டீசல் இன்னும் குறையுமே?

பழைய ஒர்க்‌ஷாப்:
குறையும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்குக் குறையாது. கெடிலக்கரை அவர்கள் மைலேஜை மட்டும் பார்த்து மனம் கலங்கியிருக்கிறார். சரக்குக்கான டீசலைப் பார்த்தால் வேறு படம் தெரியும். முன்பு 76 லிட்டரில் 9 டன்னை 190 கி.மீ. கொண்டு சேர்த்தார், ஒரு டன்னை ஒரு கி.மீ. நகர்த்த 44 மில்லி லிட்டர் ஆயிற்று. இப்போது 96 லிட்டரில் 18 டன். 28 மில்லி லிட்டர்தான் ஆகிறது. 22 டன் ஏற்றினால் 24-க்கு வரும். அந்த நான்கு மில்லி லிட்டருக்காக மொத்த எடை 28 டன்னைத் தாண்டி 32 டன்னுக்குப் போய்விடுவீர்கள். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி அதற்கு 20,000 ரூபாய் அபராதமும் மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் உண்டு. பிரேக்கும் டயரும் படும் பாடு தனி. அதற்குப் பதிலாகத் திரும்பும்போது 8 டன் ரிட்டர்ன் லோடு பிடித்தால், சட்டத்துக்குள்ளேயே 22 மில்லி லிட்டருக்கு இறங்கிவிடும்.

ஜல்லி டிப்பர் (திண்டிவனம்):
எனக்கும் இதே பிரச்சினைதான். என் டிப்பர் 2.5-க்கு மேல் கொடுப்பதே இல்லை. குவாரியில் பாதி நேரம் இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்கிறது. 28 மில்லி லிட்டர் எனக்கு எப்படி வரும்?

பழைய ஒர்க்‌ஷாப்:
உங்கள் வண்டியை இந்தக் கணக்கில் அடக்க முடியாது, தம்பி. மேடேறி இறங்கி, நின்றபடி இன்ஜின் ஓடும் வண்டிக்கு மணிக்கு எத்தனை லிட்டர் என்று பார்ப்பதே பொருத்தம். தனி இழையாகக் கேளுங்கள்.

கெடிலக்கரை:
ஐயா, ஜி.பி.எஸ். பதிவை எடுத்துப் பார்த்தேன். பாரத்தோடு போகும்போது 60, 65-ஐத் தாண்டவில்லை. காலியாகத் திரும்பும்போது மட்டும் நால்வழிச் சாலையில் 75 அளவில் வந்திருக்கிறார். ஆகவே உங்கள் கணக்கில் வேகத்துக்கு 3 லிட்டர்தான் வரும்; 4 லிட்டர் இன்னும் நிற்கிறது. இன்னொரு சந்தேகமும் உண்டு. முன்பு ஏற்றிய பிளாஸ்டிக் சரக்கு கேபினுக்கு மேலே எழும்பி, தார்ப்பாய் காற்றில் படபடக்கப் போகும். இப்போதைய மூட்டைகள் தாழ்வாகவே இருக்கின்றன. அப்படியானால் பழைய 76 லிட்டரிலேயே காற்றின் பங்கு அதிகமாக இருந்திருக்குமே?

பழைய ஒர்க்‌ஷாப்:
சரியாகப் பிடித்தீர்கள். அது உண்மையானால் விளக்கம் கிடைக்காத அளவு 4 லிட்டருக்கும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். எவ்வளவு என்று இங்கிருந்து சொல்ல என்னால் முடியாது.

இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, நிறுத்தம். 28 டன் வண்டியை நின்ற நிலையிலிருந்து 60 வேகத்துக்குக் கொண்டுவர மட்டும் ஏறத்தாழ 0.3 லிட்டர் செலவாகும். வேகத்தடைக்கு முன்பே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே உருண்டு வருகிறவருக்கு அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். கடைசி நிமிடத்தில் பிரேக் மிதிப்பவருக்கு முழுவதும் சூடாகவே போய்விடும். கடலூர் – புதுச்சேரி ஊர்ப்பகுதிகளில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு இடங்கள் இருந்தாலே உங்கள் கணக்கு தீர்ந்துவிடும். இதற்காக நியூட்ரலில் உருளவிட வேண்டாம். அப்போது இன்ஜின் டீசல் குடிக்கும், வண்டியும் பிடியில் இருக்காது. இரண்டாவது, இன்ஜின் ஓட நிற்கும் நேரம். மணிக்கு ஒன்றரை லிட்டர் வரை போகும். பதிவில் வேகம் பூச்சியமாகவும் சாவி போட்டபடியும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கூட்டுங்கள்.

டேங்க் நிரப்புவதிலும் கவனம் தேவை. புதுச்சேரியில் விலை குறைவு என்று அங்கே ஒரு தடவை, கடலூரில் ஒரு தடவை என நிரப்பினால், சரிவில் நின்ற டேங்க்கில் சில லிட்டர் வித்தியாசம் எளிதாக வரும். ஒரே பெட்ரோல் பங்க்கில், ஒரே இடத்தில் நிறுத்தி, வாய்வரை நிரப்பி, ஒரு மாத நடைகளின் மொத்த டீசலை மொத்த டன் கி.மீ.யால் வகுத்துப் பாருங்கள்.

கெடிலக்கரை:
சாவி போட்டபடி நின்ற நேரத்தைப் பார்த்தேன், ஐயா. சென்னையில் இறக்குமிடத்து வரிசையில் ஒவ்வொரு நடைக்கும் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் நிற்கிறது. பழைய ஓட்டுநரின் பதிவு என்னிடம் இல்லாததால், அப்போதும் இப்படித்தான் நின்றதா என்று ஒப்பிட வழியில்லை. மாத இறுதியில் மொத்தக் கணக்கை இங்கே இடுகிறேன்.