இரண்டு கண்ணாடிச் சீட்டு, இடது கண்ணில் மட்டும் குழப்பம்

வணக்கம். அம்மாவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு இடங்களில் கண் பவர் பார்த்தோம். வலது கண் ஒன்றில் -2.00, இன்னொன்றில் -2.25. கால் பவர் வித்தியாசம் சகஜம், அதே ஆள் மறுபடி பார்த்தாலே அவ்வளவு மாறும்.

இடது கண்தான் உறுத்துகிறது. முதல் சீட்டு: -1.50, சிலிண்டர் -2.00, ஆக்சிஸ் 20. இரண்டாவது: -3.50, சிலிண்டர் +2.00, ஆக்சிஸ் 20.

சிலிண்டரை மைனஸிலும் எழுதலாம், பிளஸிலும் எழுதலாம் என்று தெரியும். முதல் சீட்டின் இரண்டு எண்களையும் கூட்டினால் -3.50, சிலிண்டரின் குறியை மாற்றினால் +2.00. இதுவரை பொருந்துகிறது. ஆனால் அப்படி மாற்றும்போது ஆக்சிஸும் 90 டிகிரி திரும்பி 110 ஆக வேண்டுமே? சிலிண்டர் 0.50 மட்டும் என்றால் ஆக்சிஸ் பத்து டிகிரி தள்ளியிருப்பதைப் பெரிதாக எடுக்க மாட்டேன். 2.00 சிலிண்டரில் 90 டிகிரி தப்பினால், கண்ணாடி சிதறல் பார்வையைச் சரிசெய்யாமல் இரட்டிப்பாக்கிவிடும்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், இது ஆக்சிஸை மாற்ற மறந்ததுதானா? லென்ஸ் வெட்டுவதற்கு முன் டிரயல் பிரேமில் 20, 110 இரண்டையும் போட்டு அம்மாவைப் படிக்கச் சொன்னால் போதுமா? பழைய கண்ணாடியையும் லென்ஸ்மீட்டரில் அளந்து ஒப்பிடச் சொல்லட்டுமா?