சந்தேகம்: இரண்டு தடவை யூரியா போட்டும் இலை வண்ண அட்டை 3-ஐ விட்டு நகரவில்லை

பயிற்சி_வயல்

விரிவாக்கப் பயிற்சியில் எங்கள் குழுவுக்கு 25 சென்ட் செயல்விளக்க வயல் கொடுத்திருக்கிறார்கள். தஞ்சைப் பக்கம், குறுவை, கோ 51 நெல். அடியுரமாக டிஏபி 11 கிலோவும் பொட்டாஷும் போட்டோம். இலையின் பச்சையை எண்ணிட்ட பச்சைப் பட்டைகளோடு ஒப்பிடும் இலை வண்ண அட்டையைப் பார்த்து, நிறம் வரம்பு எண்ணான 4-க்குக் கீழே போனால்தான் யூரியா போட வேண்டும் என்று திட்டம்.

நட்ட 14-ஆம் நாள் பத்து இலை பார்த்ததில் ஏழு இலை 4-க்குக் கீழே இருந்தது. எக்டருக்கு 35 கிலோ தழைச்சத்து என்ற கணக்கில் 7.6 கிலோ யூரியா போட்டோம். 21-ஆம் நாளும் அதே ஏழு இலை, அதே 7.6 கிலோ. இன்று 28-ஆம் நாள். எட்டு இலை 4-க்குக் கீழே. குழுவில் இன்னொருவர் அதே குத்துகளைப் பார்த்து 4 என்கிறார். மூன்றாவது தடவையும் போடலாமா? வயல்காரர் "அட்டையை நம்பி எத்தனை மூட்டைதான் கொட்டுவது" என்கிறார்.

மடைக்கால்

அண்ணே, அட்டை பார்த்துப் போடறவங்க அடியுரத்துல தழைச்சத்தே போடக்கூடாது. டிஏபி போட்டதுதான் குழப்பம். அதோட 7.6 கிலோ காணாது, 10 கிலோவா போடுங்க. தண்ணி நிறைய வச்சுப் போட்டா நல்லா கரைஞ்சு வேருக்குப் போகும்.

மண்ணும்_நீரும்

மூன்றாவது தடவை இன்று போடாதீர்கள். மடைக்கால் சொன்னதில் ஒரு பகுதி சரி. அட்டை முறையில் நடவின்போது யூரியா தேவையில்லை, நாற்றுக்கு அப்போது உறிஞ்ச வேர் இருக்காது. ஆனால் 11 கிலோ டிஏபியில் வருவது 2 கிலோ தழைச்சத்துதான். அதனால் இலை இப்படி வெளுக்காது. நிறையத் தண்ணீர் வைத்துப் போடுவது மட்டும் கூடவே கூடாது. காரணம் கீழே.

முதலில் சில விவரங்கள் வேண்டும். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? எந்த இலை? யூரியா போட்ட அன்று வயலில் எவ்வளவு தண்ணீர், அது எங்கே போயிற்று? அடியிலைதான் மஞ்சளா, நடு இலையில் ஏதாவது அடையாளம் உண்டா?

பயிற்சி_வயல்

வகுப்பு முடிந்து 12 மணி வாக்கில்தான் பார்க்கிறோம். நான் நுனிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், நண்பர் நடுப்பகுதியில். யூரியா போட்ட இரண்டு நாளும் மூன்று அங்குலத் தண்ணீர் நின்றது. எங்கள் வயல் வழியாகத்தான் கீழ் வயலுக்குப் பாயும், மடையை அடைக்கவில்லை. அடியிலை வெறும் மஞ்சளாக இல்லை. துரு தெளித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. புது இலைகளில் நடு நரம்பு அடிப்பகுதியில் வெளுத்திருக்கிறது. அங்கங்கே திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கிறது.

வெள்ளைப்பொன்னி_சம்பா

எங்களுக்கும் இதே பிரச்சினைதான். சம்பாவுக்கு வெள்ளைப் பொன்னி. அட்டையில் 3 காட்டுகிறது, உரக்கடையில் 4 வரும்வரை போடச் சொல்கிறார்கள். போன பட்டத்தில் அப்படிப் போட்டு பயிர் சாய்ந்துவிட்டது.

மண்ணும்_நீரும்

வெள்ளைப்பொன்னி_சம்பா, உங்களுடையது வேறு கதை. வெள்ளைப் பொன்னிக்கு வரம்பே 3. அதற்குக் கீழே போனால்தான் உரம். 4 வரும்வரை போட்டால் இலை தளதளவென்று இருக்கும், இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் தேடி வரும், தண்டு தாங்காது. மற்ற பெரும்பாலான ரகங்களுக்கும் வீரிய ஒட்டு நெல்லுக்கும்தான் 4.

பயிற்சி_வயல், உங்கள் வயலில் மூன்று கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. எளிதானதிலிருந்து வருகிறேன்.

அட்டை பார்க்கும் முறை: காலை 8 முதல் 10 மணிக்குள் பாருங்கள். உச்சி வெயிலில் இலை பளபளத்து நிறம் மாறித் தெரியும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, உங்கள் நிழல் இலை மேலும் அட்டை மேலும் விழும்படி பிடியுங்கள். இலையைக் கிள்ள வேண்டாம். செடியில் இருந்தபடியே அதன் நடுப்பகுதியை அட்டை மேல் படியுங்கள். நுனியும் நடுவும் ஒரே நிறத்தில் இருக்காது, உங்களுக்கும் நண்பருக்கும் வந்த தகராறு பெரும்பாலும் அதுதான். 3-க்கும் 4-க்கும் நடுவில் தெரிந்தால் 3.5 என்று எழுதுங்கள். அது 4-க்குக் கீழே என்றுதான் கணக்கு. பத்தில் ஆறு இலை வரம்புக்குக் கீழே இருந்தால் உரம். பத்தையும் கூட்டிச் சராசரி எடுத்து முடிவு செய்யாதீர்கள், நன்றாக இருக்கும் நாலு குத்து மற்றதை மறைத்துவிடும். பட்டம் முழுக்க ஒரே ஆள் பார்ப்பது நல்லது.

அடுத்தது யூரியா எங்கே போயிற்று என்பது. மூன்று அங்குல நீரில் தூவினால் அது கரைந்து அந்த நீரிலேயே அம்மோனியமாக மாறுகிறது. பகலில் பாசி நீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் நீரின் கார நிலை ஏறும். அப்போது அம்மோனியம் அம்மோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடும். நட்ட 14-ஆம் நாள் பயிர் நீரை மூடியிருக்காது. வெயிலும் காற்றும் நேராகப் படுவதால் இழப்பு இன்னும் கூடும். இது முதல் ஒரு வாரத்துக்குள் நடந்து முடிகிற விஷயம். அதற்கு மேல் உங்கள் மடை வேறு திறந்திருந்தது. நீங்கள் போட்டதில் ஒரு பங்கு கீழ் வயலில் இருக்கிறது. அந்த வயலின் மடை ஓரம் மட்டும் கரும்பச்சையாக இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

செய்ய வேண்டியது: முந்தின நாளே நீரை வடித்து, சேறு மினுமினுக்கும் அளவுக்கு வைத்துக்கொண்டு, மடையை அடைத்துவிட்டுப் போடுங்கள். வரிசை நடவு என்றால் உடனே களையெடுக்கும் கோனோவீடரை ஓட்டுங்கள், உரம் சேற்றுக்குள் போகும். ஒன்றிரண்டு நாள் கழித்துத் தண்ணீர் கட்டுங்கள். அதற்காக வயலை வெடிக்கக் காய விடாதீர்கள். காய்ந்தால் மண்ணிலுள்ள அம்மோனியம், நைட்ரேட்டாக மாறிவிடும். மறுபடி நீர் தேங்கும்போது அந்த நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். நீங்கள் சொன்ன துருப் புள்ளி, வெளுத்த நடு நரம்பு, திட்டுத் திட்டான குட்டை, எல்லாம் நட்டு இரண்டு முதல் நாலு வாரத்துக்குள். இது துத்தநாகப் பற்றாக்குறையின் முகம். தழைச்சத்துக் குறைவென்றால் அடியிலை நுனியிலிருந்து சீராக மஞ்சளாகும், புள்ளி இருக்காது. அட்டைக்குப் பச்சை தெரியும், பச்சை ஏன் குறைந்தது என்று தெரியாது. அடியில் சிங்க் சல்பேட் போட்டீர்களா?

பயிற்சி_வயல்

போடவில்லை. மண் ஆய்வில் கார அமில நிலை 8.3. டிஏபியோடு கலக்கக்கூடாது என்று சொன்னதால் பிறகு போடலாம் என்று விட்டுவிட்டார்கள். இப்போது மண்ணில் போடலாமா?

மண்ணும்_நீரும்

அடியுரமாக எக்டருக்கு 25 கிலோவை 50 கிலோ மணலோடு கலந்து தூவியிருக்க வேண்டும். இப்போது தெளிப்புதான் விரைவு. 0.5 சதவீத சிங்க் சல்பேட், 1 சதவீத யூரியா. 25 சென்டுக்கு 50 லிட்டர் நீர் போதும், அதில் 250 கிராம் சிங்க் சல்பேட், 500 கிராம் யூரியா. மாலையில் அடியுங்கள். அறிகுறி தொடர்ந்தால் 15 நாள் இடைவெளியில் இன்னொரு தடவை.

ஒரு ஓரத்தில் நாலு வரிசையைத் தெளிக்காமல் விடுங்கள். பக்கத்து நாலு வரிசைக்கு சிங்க் இல்லாமல் 1 சதவீத யூரியா மட்டும் அடியுங்கள். அந்த வரிசையும் மற்றதைப் போலப் பச்சை பிடித்தால் என் கணிப்பு தவறு, குறை தழைச்சத்துதான்.

ஆனால் அதிக நாள் காத்திருக்க முடியாது. கோ 51 ஏறக்குறைய 105 நாள் ரகம். 20 நாள் நாற்றாக நட்டிருந்தால் இப்போது கதிர் உருவாகும் பருவத்தின் வாசலில் இருக்கிறீர்கள். ஒரு தாய்த் தூரை வேரோடு பிடுங்கி, அடித்தண்டை பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். கணுவுக்கு மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு வெள்ளைப் பஞ்சு நுனி தெரிந்தால் கதிர் தொடங்கிவிட்டது. இந்த நேரத்தில் தழைச்சத்து உண்மையிலேயே குறைந்தால் மணி எண்ணிக்கை குறையும். அதனால் தெளித்த நாலைந்தாம் நாள் காலையில் மறுபடி அட்டை பாருங்கள். அப்போதும் ஆறு இலை கீழே என்றால் அதே 7.6 கிலோவை, நீரை வடித்து, மடை அடைத்துப் போடுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்

ஒரு இடையீடு. எந்த இலை என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. வேளாண் பல்கலையின் பயிர் வழிகாட்டியில் மேலிருந்து மூன்றாவது, முழுதாக விரிந்த இலை என்று இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையக் குறிப்பில் உச்சியில் முழுதாக விரிந்த இளம் இலை. இரண்டும் ஒன்றா?

மண்ணும்_நீரும்

விரியாத குருத்தையும் சேர்த்து எண்ணினால் இரண்டும் நெருங்கி வரும், ஆனால் எப்போதும் ஒன்றாகாது. ஒரு பயிற்சி அணிக்குள் ஒரே இலையை வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு மேல் நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். நான் பார்ப்பது உச்சியில் முழுதாக விரிந்ததை.

ஏட்டுச்சுரைக்காய்

கீழே இறங்கினால் தழைச்சத்து இடம் பெயரத் தொடங்கிய இலையைத் தொட்டுவிடுவோம் என்று நினைக்கிறேன். மூன்றாவது இலைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பயிற்சி_வயல்

அறிக்கையில் தழைச்சத்துப் பயன்பாட்டுத் திறனையும் காட்டச் சொல்கிறார்கள். மகசூலைப் போட்ட தழைச்சத்தால் வகுத்தால் போதுமா?

மண்ணும்_நீரும்

அது மட்டும் போதாது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள், எண்கள் விளக்கத்துக்காக மட்டும். வழக்கமான வயலில் 150 கிலோ தழைச்சத்துக்கு 5800 கிலோ நெல், அட்டை வயலில் 105 கிலோவுக்கு 5750, தழைச்சத்தே போடாத துண்டில் 3600. வெறுமனே வகுத்தால் 38.7, 54.8. அட்டை பிரமாதமாகத் தெரியும். ஆனால் 3600 கிலோ மண் தானாகக் கொடுத்தது. அதைக் கழித்தால் 2200-ஐ 150-ஆல், 2150-ஐ 105-ஆல் வகுக்க வேண்டும்: 14.7, 20.5. போட்ட ஒரு கிலோ எத்தனை கிலோ நெல்லைக் கூட்டியது என்பதற்கு இதுதான் பதில். வெறும் வகுத்தலில் இன்னொரு ஏமாற்று உண்டு. 40 கிலோ மட்டும் போட்டு 4500 கிலோ எடுத்தவருக்கு 112.5 வரும். திறன் உச்சத்தில், குதிர் காலியாக. மகசூலைப் பக்கத்தில் எழுதாமல் திறனை மட்டும் காட்டாதீர்கள்.

மடைக்கால்

தழைச்சத்து போடாத துண்டுக்கு இப்ப எங்க போறது? எல்லா இடத்துலயும் போட்டாச்சே.

மண்ணும்_நீரும்

இந்தப் பட்டத்துக்கு இல்லை. ஆகவே வகுத்த எண்ணை மட்டும் எழுதி, கட்டுப்பாட்டுத் துண்டு இல்லை என்று குறிப்பிடுங்கள். அடுத்த பட்டத்தில் வாய்க்கால் தலைப்பில் ஒரு சென்ட் ஒதுக்குங்கள். சுற்றி ஒரு முழ உயரத்துக்கு வரப்பு, தனி மடை, நீர் வாய்க்காலிலிருந்து நேராக. மேல் வயல் நீர் அதற்குள் வந்தால் யூரியாவும் சேர்ந்து வரும். அடியுரத்தில் டிஏபிக்குப் பதில் சூப்பர் பாஸ்பேட். எல்லாத் துண்டின் நெல்லையும் 14 சதவீத ஈரத்துக்குக் கணக்கிட்ட பிறகே ஒப்பிடுங்கள்.

பயிற்சி_வயல்

இன்று காலை 8.30-க்கு இலை நடுவில் வைத்துப் பார்த்தோம். ஐந்து இலை 4, மூன்று 3.5, இரண்டு 3. எட்டு இல்லை, ஐந்துதான் கீழே. தண்டைப் பிளந்ததில் பஞ்சு நுனி தெரிகிறது. ஓரத்தில் நாலு நாலு வரிசையாக இரண்டு பகுதிகளையும் ஒதுக்கிவிட்டு சிங்க் இன்று மாலை அடிக்கிறோம். கீழ் வயலில் மடை ஓரம் ஒரு பாய் அகலத்துக்குக் கரும்பச்சை. அந்த வயல்காரர் என்ன உரம் போட்டீர்கள் என்று எங்களிடமே கேட்கிறார்.